தெரிந்த சொல்லுக்கு ஓர் அகராதி

பெங்களூருவின் கல்லூரிகளில் முதுகலை வகுப்புகள் தொடங்கும் முதல் வாரத்தில் ஓர் அறிவுரை தவறாமல் வழங்கப்படுகிறது. இருமொழி அகராதியை மூடிவைத்துவிட வேண்டும்; இனி ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ தமிழ்வழியில் பட்டம் முடித்து வந்த மாணவருக்கு இது அறிவுரையாக மட்டும் கேட்பதில்லை. தமிழில் பொருள் பார்ப்பது பள்ளிப் பிள்ளைகளின் வழக்கம், ஆய்வுக்கு வந்தவருக்கு அது இழுக்கு என்றே கேட்கிறது. அன்று முதல் அவர் இருமொழி அகராதியைக் கைப்பேசியில் ஒளித்துப் பார்க்கத் தொடங்குகிறார். ஒருமொழி அகராதியின் செயலியும் அதே கைப்பேசியில் இருக்கிறது. அது பெரும்பாலும் திறக்கப்படுவதில்லை.

இந்த அறிவுரையில் பாதி சரி. ஆனால் அந்தப் பாதிக்குக் காட்டப்படும் காரணம் பெரும்பாலும் தவறானது. பெங்களூரு வகுப்பறை ஒன்றில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், உருது ஆகிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்திருப்பர். எந்த இருமொழி அகராதியை ஆசிரியர் பரிந்துரைத்தாலும் அது வகுப்பில் ஒரு பகுதியினருக்கே பயன்படும். 1963இல் இந்நகரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் தென்மாநிலங்களின் பள்ளி ஆசிரியர்களை ஒருங்கே அமர்த்திப் பயிற்றுவிக்கும் இடம். அத்தகைய அரங்கில் அனைவருக்கும் பொதுவாகக் கையளிக்கத்தக்கது ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்றுதான். இது வகுப்பறை நிர்வாகத்தின் காரணம். மறுக்க முடியாத காரணமும்கூட. சொற்கள் மனத்தில் எவ்வாறு பதிகின்றன என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நிர்வாக வசதி காலப்போக்கில் கற்றல் கொள்கையாக வேடமிட்டுக்கொண்டதுதான் இங்கு நேர்ந்த பிழை.

பயில்வோருக்கான ஒருமொழி அகராதி எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் வழி தெளிவாகும். அதற்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. இரண்டும் இங்கிலாந்துக்கு வெளியே, ஆசியாவில் தோன்றியவை. ஒன்று வங்காளம். இந்தியக் கல்விப் பணியில் டாக்காவில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவருக்கு முதலில் தேவைப்படுவது ஆங்கிலத்தில் வாசிக்கும் திறனே என்று 1926இல் வெளியிட்ட தம் அறிக்கையில் வாதிட்டார். அவர் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் இணைந்து 1935இல் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. அந்த 1,490 தெரிந்தால் மற்ற அனைத்தையும் அகராதியே திறந்துவிடும் என்பது ஏற்பாடு. இன்னோர் ஊற்று டோக்கியோ. அங்கு ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய மூவரும் தொகுத்த அகராதி 1942இல் ஜப்பானிலேயே வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் தன் பெயரில் மறுபதிப்பிட்டது. இன்று நூலகந்தோறும் உள்ள ‘அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ அகராதியின் மூதாதை அதுவே. ஜப்பானிய மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கெங்கே தடுக்கி விழுகின்றனர் என்பதைக் கண்டறிந்து, ஒவ்வொரு வினையும் எத்தகைய தொடரமைப்பை ஏற்கும், எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது என்பவற்றைக் குறியீடுகளால் காட்டியதே ஹார்ன்பியின் பங்களிப்பு.

ஆக, வெஸ்ட் வாசிப்பவருக்காக உழைத்தார். ஹார்ன்பி எழுதுபவருக்காக உழைத்தார். வாசிப்பவர் தமக்குத் தெரியாத சொல்லைத் தேடி அகராதிக்கு வருகிறார். எழுதுபவரோ, தமக்கு முன்பே தெரிந்த ஒரு சொல்லை எப்படிக் கையாள்வது என்று அறியவே வர வேண்டியிருக்கிறது. ‘இருமொழியா, ஒருமொழியா’ என்று கேட்பவர்கள் இவ்விரு வருகைகளையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்.

முதலில் தெரியாத சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘டாமரிண்ட்’ என்பதற்கு ஒருமொழி அகராதி தரும் விளக்கத்தின் சாரம் இது: வெப்ப மண்டலத்தில் வளரும் ஒரு மரம், அதன் கனி ஆசியச் சமையலில் பயன்படுவது. வீட்டுக் கொல்லையில் புளியமரத்தோடு வளர்ந்தவர் இந்த விளக்கத்தைப் படித்து, ஏதோ ஒரு வெளிநாட்டுப் பழம் என்று எண்ணி மூடிவைப்பார். ‘புளி’ என்ற இரண்டெழுத்து அவருக்கு மரம், பூ, கொட்டை, சுவை, ரசம் அனைத்தையும் ஒரே கணத்தில் தந்துவிடும். பொருட்பெயர்கள், செடிகொடிகள், நோய்கள், கருவிகள் ஆகியவற்றுக்கு எந்த நிலையிலும் இருமொழி அகராதியே விரைவானது, துல்லியமானது. இதில் பேராசிரியருக்கும் முதலாண்டு மாணவருக்கும் வேறுபாடில்லை.

தொடக்க நிலையில் ஒருமொழி அகராதி இழைக்கும் தீங்கு இதனினும் நுட்பமானது. ஜார்ஜ் மில்லர், பாட்ரிஷியா கில்டியா இருவரும் 1987இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. அமெரிக்கப் பள்ளிச் சிறுவர்களிடம் அகராதி விளக்கத்தைக் கொடுத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். அரித்தல் என்னும் பொருளுடைய ‘எரோட்’ என்ற வினைக்கு அகராதியில் ‘ஈட் அவுட்’ என்றொரு விளக்கம் இருந்தது. அந்தத் தொடருக்கு உணவகத்தில் சென்று உண்ணுதல் என்ற பொருளும் உண்டல்லவா? தன் குடும்பம் அடிக்கடி ‘எரோட்’ செய்வதாக ஒரு குழந்தை எழுதியது. விளக்கத்தில் தனக்குப் பழக்கமான ஒரு துண்டைப் பற்றிக்கொண்டு, அந்தத் துண்டையே சொல்லின் முழுப்பொருளாகக் கொள்வதுதான் இங்கே நிகழ்ந்தது. ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைக்கு இந்த நிலை என்றால், விளக்கத்தின் பாதிச் சொற்களை ஊகத்தில் கடக்கும் நம் மாணவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதன் கொடுமை, பிழை செய்தவருக்குப் பிழை தெரியாது என்பதுதான். பொருள் கிடைத்துவிட்டது என்ற நிறைவோடு அவர் மேலே செல்வார்.

எனவே ஒருமொழி அகராதிக்கு ஒரு வாயில் உண்டு. அந்த வாயிலைக் கடந்தாயிற்றா என்பதை வகுப்பின் பெயரை வைத்தோ பட்டத்தை வைத்தோ அறிய முடியாது. எளிய சோதனை ஒன்று போதும். வாங்க எண்ணும் அகராதியில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, அடுத்தடுத்துள்ள பத்துச் சொற்களின் விளக்கங்களை மட்டும் படிக்க வேண்டும். தலைச்சொல் தெரியாதிருக்கலாம், அதைப் பற்றிக் கவலையில்லை. விளக்கத்துக்குள்ளேயே தெரியாத சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ண வேண்டும். ஓரிடத்தில் வந்தால் பரவாயில்லை. மூன்று நான்கு இடங்களில் வந்தால், அந்த அகராதி ஒரு சொல்லைத் தேடிச் சென்றவரை இரண்டு சொற்களைத் தேட அனுப்பும்; சில நாளில் தேடலே நின்றுவிடும். அப்போது ஒருமொழி அகராதியைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு படி கீழே, இடைநிலை மாணவருக்கென வெளிவந்ததை எடுத்துக்கொள்ளலாம். 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி, வெஸ்டின் முறையைப் பின்பற்றி ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் விளக்கங்களை அடக்கியது. அத்தகைய கட்டுப்பாடு உள்ளதா என்பதை முன்னுரையில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பெரிய அகராதியை வாங்கினால் அது வாழ்நாள் முழுதும் உதவும் என்ற கணக்கில் தாய்மொழியாளருக்கான கனத்த தொகுப்பை வாங்கிவரும் பெற்றோரும் உள்ளனர். அன்பின் மிகுதி, ஆனால் அது அலமாரிக்கே உதவும்.

இனி, தெரிந்த சொல். வாதத்தின் எடை இங்குதான் இருக்கிறது. ஆதலால் ஒரு சொல்லை முழுதாகப் பார்க்கலாம்.

‘அட்வைஸ்’, ‘சஜெஸ்ட்’ என்னும் இரு வினைகளும் பத்தாம் வகுப்பு மாணவருக்கே தெரிந்தவை. ஆங்கில–தமிழ் அகராதியில் முன்னதற்கு ‘அறிவுரை கூறு, ஆலோசனை வழங்கு’ என்றும், பின்னதற்கு ‘யோசனை கூறு, கருத்துத் தெரிவி, குறிப்பால் உணர்த்து’ என்றும் பொருள் இருக்கும். பொருளில் தவறேதும் இல்லை. ஆனால் தமிழில் இரண்டும் ஒரே வாய்பாட்டில் இயங்குகின்றன: அவர் மாணவருக்கு ஆலோசனை கூறினார், அவர் மாணவருக்கு யோசனை கூறினார். நான்காம் வேற்றுமை இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆகவே தமிழர் ஆங்கிலத்திலும் இரண்டையும் ஒரே அச்சில் வார்க்கிறார். ‘ஹி அட்வைஸ்டு மீ டு கோ’ என்பது ஆங்கிலம். ‘ஹி சஜெஸ்டட் மீ டு கோ’ என்பது ஆங்கிலம் ஆகாது. ‘சஜெஸ்ட்’ என்ற வினை தன்னை அடுத்து ஆளை ஏற்று, பின் ‘டு’ சேர்ந்த வினையையும் ஏற்காது. ஒரு பொருளையோ, ‘தட்’ என்று தொடங்கும் துணைத்தொடரையோ, ‘இங்’ ஈற்றுச் சொல்லையோதான் ஏற்கும்; ஆளைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன் ‘டு’ தனியே வர வேண்டும்.

இந்தச் செய்தி ஆங்கில–தமிழ் அகராதியில் பெரும்பாலும் இருப்பதில்லை; இருக்க இடமும் இல்லை, ஏனெனில் அது வாசிப்பவருக்குப் பொருள் சொல்ல எழுந்த நூல். ஒருமொழிப் பயில்வோர் அகராதியிலோ இது ஒவ்வோர் எடுத்துக்காட்டுக்கும் முன்னால் தடித்த எழுத்தில் நிற்கிறது. ஆயினும் இதைக் காண ஒரு பழக்கம் வேண்டும். பெரும்பாலோர் பதிவைத் திறந்ததும் விளக்கத்தைப் படித்துவிட்டு வெளியேறுகின்றனர். தெரிந்த சொல்லின் விளக்கம் எழுதுபவருக்கு வேண்டாத பகுதி. அவர் நேராகச் செல்ல வேண்டியது தொடரமைப்புக் குறிப்புக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கும்தான். தாம் எழுதிய வாக்கியத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அதே அமைப்பு எடுத்துக்காட்டுகளில் ஒருமுறையேனும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து எடுத்துக்காட்டுகளிலும் வரவில்லையெனில் ஐயுறுவது நல்லது.

பெயர்ச்சொற்களிலும் இதே கதைதான். தகவல் என்றால் தகவல்கள், சான்று என்றால் சான்றுகள், ஆய்வு என்றால் ஆய்வுகள். தமிழ் தயங்குவதில்லை. ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’, ‘எவிடென்ஸ்’ என்பவை பன்மை ஏற்பதில்லை. ‘ரிசர்ச்’ பெரும்பாலும் ஏற்பதில்லை. எண்ணவொண்ணாப் பெயர் என்பதைக் காட்ட அச்சு அகராதிகளில் ‘யு’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து தலைச்சொல்லின் அருகே நிற்கும். அந்த ஓர் எழுத்தைக் காணாமல் எழுதப்பட்ட ‘ரிசர்ச்சஸ்’ நம் ஆய்வேடுகளின் முன்னுரைகளில் எத்தனை எத்தனை! கன்னடம் பேசும் நண்பரும் இதே இடத்தில் இதே பிழையைச் செய்வார். அவர் மொழியும் இப்பெயர்களைத் தாராளமாகப் பன்மையாக்குகிறது.

பிழை இலக்கணத்தோடு நின்றுவிட்டால் திருத்துநர் பார்த்துக்கொள்வார். ‘சஜெஸ்ட்’ என்ற அதே வினைக்கு ஆய்வுரையில் வேறொரு வேலை உண்டு: சான்றுகள் ஒரு முடிவின் பக்கம் சாய்கின்றன, ஆனால் அதை நிறுவிவிடவில்லை என்பதைச் சொல்வது. ‘ஷோ’ என்பது அதைவிட வலியது. ‘ப்ரூவ்’ என்பது ஐயத்துக்கு இடமே வைக்காதது. தமிழ் நிகரன்களை மட்டும் பார்ப்பவருக்கு மூன்றும் ‘தெரிவிக்கிறது, காட்டுகிறது, மெய்ப்பிக்கிறது’ என்று ஏறக்குறைய ஒரு வரிசையில் நிற்க, ஓசை நயத்துக்காக ‘ப்ரூவ்’ஐத் தேர்ந்துகொள்வார். நாற்பது பேரிடம் வினாநிரல் கொடுத்துப் பெற்ற விடைகள் ஒரு கருதுகோளை ‘மெய்ப்பித்துவிட்டதாக’ ஆய்வேடு அறிவிக்கும். வெளி மதிப்பீட்டாளர் அந்த ஒற்றை வினையை வட்டமிடுவார். ஆய்வாளர் தம் தரவுகளைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததைவிட அதிகம் சொல்லிவிட்டார்.

‘டவுட்’ இன்னொரு வகை. தமிழில் ‘சந்தேகம்’ என்பது நம்பாமையையும் குறிக்கும். புரியாததைக் கேட்டுத் தெளிவதையும் குறிக்கும். எனவே சொற்பொழிவு முடிந்ததும் ‘எனக்கொரு டவுட்’ என்று எழுவது பெங்களூரு அரங்கில் யாரையும் உறுத்தாது. அது இந்திய ஆங்கிலத்தின் நிலைபெற்ற வழக்கு, அதைப் பிழை என்று திருத்துவோர் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் வெளிநாட்டு ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதும் மடலில் ‘உங்கள் குறிப்பின் மீது எனக்கு டவுட் உள்ளது’ என்றால், அவர் அதை ஒரு குற்றச்சாட்டாகவே படிப்பார். தெரிந்த சொல் என்பதாலேயே இதை ஒருவரும் அகராதியில் பார்ப்பதில்லை. தெரியாத சொல் வாசிப்பவரை நிறுத்திவிடும். தெரிந்த சொல்லோ எழுதுபவரை நிறுத்தாமல் அழைத்துச் சென்று தவறான இடத்தில் இறக்கிவிடும்.

இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். அத்தகைய நூல்கள் உண்டு: ஆங்கில விளக்கமும் எடுத்துக்காட்டும் அப்படியே இருக்க, ஒவ்வொரு பொருளுக்கும் தமிழ் நிகரனைச் சேர்த்த ஆங்கில–ஆங்கில–தமிழ் அகராதிகள். பட்யா லாஃபர், லிண்டா ஹடார் இருவரும் இஸ்ரேலியப் பள்ளி, பல்கலைக்கழக மாணவரிடையே மூவகை அகராதிகளையும் ஒப்பிட்டு 1997இல் வெளியிட்ட ஆய்வில், புரிதலிலும் வாக்கியம் அமைப்பதிலும் மொத்தத்தில் முன்னின்றது இந்தக் கலப்பு வகையே. எந்த வகை எவருக்கு உதவியது என்பது அவரவர் அகராதியைப் பயன்படுத்தும் திறனைப் பொறுத்தும் மாறியது. பள்ளியிறுதி முதல் இளங்கலை வரை உள்ள தமிழ்வழி மாணவருக்கு ஒரே ஓர் அகராதி வாங்கப் பணமிருந்தால் இதையே வாங்கலாம். ஒரே எச்சரிக்கை, கண்ணின் சோம்பல். பக்கத்தில் தமிழ் எழுத்து இருக்கும்வரை கண் அதனிடமே செல்லும். ஆங்கில எடுத்துக்காட்டு படிக்கப்படாமலேயே கிடக்கும். முதலில் எடுத்துக்காட்டு, பிறகு விளக்கம், கடைசியாகத் தமிழ் என்று வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டவருக்கே இந்நூல் முழுப்பயன் தரும்.

ஆய்வு நிலையை எட்டியவர் இருமொழி அகராதியை முற்றிலும் கடந்துவிட்டவர் என்ற எண்ணமும் தவறு. அவர் திரும்பி வருகிறார். வேறு வாயிலால் வருகிறார். பெங்களூருவின் தமிழ்க் குடியிருப்பு ஒன்றில் திருமண உறவுகளைப் பற்றிக் களப்பணி செய்யும் சமூகவியல் மாணவரை எடுத்துக்கொள்வோம். தகவலாளி ‘அத்தை மகள்’ என்கிறார், ‘பெரியப்பா மகள்’ என்கிறார். ஆங்கிலத்தின் ‘கசின்’ இரண்டையும் விழுங்கிவிடும். ஒருமொழி அகராதி அத்தை, மாமன், சித்தப்பா, பெரியப்பா எவர் பிள்ளையாயினும் ‘கசின்’ என்றே வரையறுக்கும். ஆங்கிலேயருக்கு அது சரி. தமிழிலோ முன்னவர் மணமுறை உள்ளவர், பின்னவர் உடன்பிறந்தாள். எம். என். சீனிவாஸ் மைசூர்ப் பகுதியின் திருமணம், குடும்பம் பற்றி 1942இல் எழுதிய நூல் முதல் தென்னிந்திய உறவுமுறை ஆய்வுகள் இந்த வேறுபாட்டின்மீதே நிற்கின்றன. ‘முறைப்பெண்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய மாணவருக்கு, தமிழில் விளக்கம் தந்து ஆங்கிலமும் தரும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போன்றதொரு நூல்தான் கைகொடுக்கும். 1992இல் முதல் பதிப்பு வந்த அது, இன்றைய தமிழ் வழக்கைத் தற்கால எடுத்துக்காட்டுகளோடு பதிவு செய்கிறது.

ஆனால் அங்கும் ஓர் இடைவெளி காத்திருக்கிறது. தமிழ்–ஆங்கில அகராதிகளின் மரபைத் தொடங்கியவர்கள் தமிழ் கற்க வந்த ஐரோப்பியர். ஃபப்ரீசியஸின் 1779ஆம் ஆண்டு அகராதியும் வின்ஸ்லோவின் 1862ஆம் ஆண்டு அகராதியும் ஆங்கிலம் அறிந்தவர் தமிழை வாசிப்பதற்கானவை. கன்னடத்தில் கிட்டல் 1894இல் வெளியிட்டதும் அத்தகையதே. ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பத்து ஆங்கிலச் சொற்களை அடுக்கிவிட்டால் ஆங்கிலம் அறிந்தவர் பொருத்தமானதைத் தாமே எடுத்துக்கொள்வார். தமிழர் அதே பதிவைத் திறந்து ஆங்கிலத்தில் எழுத முற்படும்போது அந்தப் பத்தில் எது என்று தெரியாமல் நிற்கிறார். ஆகவே ஆய்வு மாணவருக்கு இன்று உள்ள வழி இரண்டு அடிகள் கொண்டது: தமிழிலிருந்து சில ஆங்கிலச் சொற்களைப் பெறுவது, பிறகு அவை ஒவ்வொன்றையும் ஒருமொழிப் பயில்வோர் அகராதியில் திறந்து, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தேர்ந்துகொள்வது. இரண்டாம் அடியைத் தவிர்ப்பவரே மிகுதி.

தமிழர் ஆங்கிலத்தில் எழுதுவதற்கென்றே ஓர் அகராதி உருவாகுமானால், ‘ஆலோசனை கூறு’ என்ற பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். முதலில் ‘அட்வைஸ்’; ஆளை நேரே ஏற்கும், அடுத்து ‘டு’ சேர்ந்த வினை வரும். பிறகு ‘சஜெஸ்ட்’, ஆளை நேரே ஏற்காது, ‘தட்’ தொடரோ ‘இங்’ ஈறோ வேண்டும். மூன்றாவதாக ‘ரெக்கமெண்ட்’, பரிந்துரைக்கும் பொருளை நேரே ஏற்கும், பின் ‘சஜெஸ்ட்’ போலவே நடக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியங்கள், ஒன்று பேச்சிலிருந்து, ஒன்று ஆய்வுரையிலிருந்து. கடைசியில் ஒரு வரி: தமிழின் நான்காம் வேற்றுமையை இங்கு அப்படியே மாற்றிவிட வேண்டாம்.